வேலை விளம்பரத்த எப்படி படிக்கணும்: பதிலே வராத 63 அப்ளிகேஷனுக்கு அப்புறம் கத்துக்கிட்டது

அஞ்சு மாசத்துல 63 அப்ளிகேஷன் போட்டேன். நோட்டுல வரிசையா எழுதி வெச்சிருந்ததால கணக்கு சரியா தெரியும். 58க்கு பதிலே இல்ல, நாலுக்கு "உங்க ஆர்வத்துக்கு நன்றி"ன்னு தானா போற மெயில் வந்துச்சு, ஒண்ணே ஒண்ணுக்குதான் போன் வந்துச்சு. அந்த போன எடுத்து ரெண்டு நிமிஷம் கூட ஆகல, "நைட் ஷிஃப்ட் உங்களுக்கு ஓகேதானே"ன்னு கேட்டாங்க, நான் "நைட் ஷிஃப்ட்டா?"ன்னு இழுத்தேன், "விளம்பரத்துலயே போட்டிருந்தோமேங்க"ன்னு சொல்லி வெச்சுட்டாங்க.

போய் பாத்தேன். போட்டிருந்தாங்க, கீழேருந்து மூணாவது வரி. நான் அதுவரைக்கும் கீழ போனதே இல்லங்கறதுதான் உண்மை. தலைப்புல "அக்கவுண்ட்ஸ்"னு இருந்தா ரெஸ்யூமேவ தட்டி விட்டுட்டு அடுத்ததுக்கு போயிடுவேன், ஒரு நாள் உக்காந்தா நாலஞ்சு போட்டாதான் ஏதோ உழைச்ச மாதிரி இருக்கும்.

எங்க பெரியம்மா பொண்ணு ஒருத்தங்க, ரொம்ப வருஷமா ஆள் எடுக்கற வேலைல இருக்காங்க. அவங்ககிட்ட ரெஸ்யூமேவ நீட்டி "அக்கா, இதுல என்ன தப்புன்னு பாத்து சொல்லுங்க"ன்னேன். அவங்க அத வாங்கவே இல்ல. "ரெஸ்யூமே கெடக்கட்டும்டா. நீ கடைசியா அனுப்பின அஞ்சு வேலையோட விளம்பரத்த எடு, அத மொதல்ல பாப்போம்"னாங்க. என்கிட்ட ரெண்டுதான் இருந்துச்சு, மத்த மூணையும் கம்பெனிக்காரங்க எடுத்துட்டாங்க, நான் காப்பி எடுத்து வெக்கல. "சரி, எதுக்கு அப்ளை பண்ணோம்னே உனக்கு தெரியாது"ன்னு சொல்லிட்டு அக்கா உக்காந்தாங்க. அன்னைக்கு சாயங்காலம் கத்துக்கிட்டததான் இங்க எழுதறேன். புதுசா வேலை தேடறவங்களுக்கு, அதுவும் அனுப்பிக்கிட்டே இருந்தும் பதில் வராதவங்களுக்கு.

மொதல் வேலை: ஏற்கனவே அனுப்பினதுல அஞ்ச எடுத்து பாருங்க

புதுசா எதுவும் அனுப்பறதுக்கு முன்னாடி இத பண்ணுங்க. பழைய விளம்பரம் ஒரு பக்கம், அதுக்கு நீங்க அனுப்பின மெயில் ஒரு பக்கம், ரெண்டையும் திறந்து வெச்சு, அவங்க கேட்டது ஒவ்வொண்ணும் நீங்க அனுப்பினதுல எங்க இருக்குன்னு விரல் வெச்சு தேடுங்க.

என்கிட்ட மிச்சம் இருந்த ரெண்டுல ஒண்ணுல, மெயில் சப்ஜெக்ட்ல வேலையோட ரெஃபரன்ஸ் நம்பர் போடணும்னு கேட்டிருந்தாங்க, நான் "வேலைக்கான விண்ணப்பம்"னு மட்டும் போட்டிருந்தேன். இதுல என்ன பெரிய விஷயம்னு தோணும், எனக்கும் தோணுச்சு. அக்கா சொன்னது இதுதான்: ஒரே மெயில் அட்ரஸுக்கு ஏழெட்டு வேலைக்கு அப்ளிகேஷன் வரும், நம்பர வெச்சு ஃபில்டர் போட்டு அந்தந்த ஃபோல்டருக்கு அனுப்பிடுவாங்க, நம்பர் இல்லாத மெயில் பொது இன்பாக்ஸ்லயே தங்கிடும், அத யாரும் வேணும்னு ஒதுக்கல, திறக்கவே இல்ல. இன்னொண்ணுல ஒரு சர்டிஃபிகேட் கட்டாயம்னு போட்டிருந்துச்சு, அது என்கிட்ட இல்ல. அந்த வேலைக்கு நான் கவர் லெட்டர் எழுதறதுக்கு மட்டும் ஒண்ணரை மணி நேரம் செலவு பண்ணியிருக்கேன்.

ஆக ரெண்டுலயும் பிரச்சனை ரெஸ்யூமேல இல்ல. ஒண்ணு போய் சேரல, இன்னொண்ணு போகவே கூடாதது.

ரெண்டாவது: விளம்பரத்த காப்பி பண்ணி மூணா பிரிங்க

திரையில படிச்சா கண்ணு வழுக்கிக்கிட்டு போயிடும். முழுசையும் ஒரு டாக்குமென்ட்ல ஒட்டுங்க, முடிஞ்சா பிரிண்ட் எடுங்க. விளம்பரம்ங்கறது ஒரே ஆள் உக்காந்து எழுதினது இல்ல. மேல இருக்கற கம்பெனி பெருமை எல்லா வேலைக்கும் ஒண்ணேதான். கீழ வர்ற பொது வாசகமும் ("நல்ல கம்யூனிகேஷன், டீம் ப்ளேயர், அழுத்தத்துலயும் வேலை செய்யணும்") பெரும்பாலும் ஹெச்ஆர் வெச்சிருக்கற பழைய டெம்ப்ளேட். நடுவுல கொஞ்சம் வரிதான், யாருக்கு ஆள் தேவையோ அந்த மேனேஜர் சொல்லி எழுதினது. அந்த நடு வரிங்களதான் நாம தேடறோம்.

எது அந்த வரின்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. அதே கம்பெனியோட இன்னொரு வேலை விளம்பரத்த பக்கத்துல திறந்து வெச்சு, ரெண்டுலயும் அப்படியே வர்றத அடிச்சிடுங்க. மிச்சம் நிக்கறதுதான் இந்த வேலைக்குன்னே எழுதினது. இன்னொரு அடையாளம், அதுல ஒரு எண்ணு இருக்கும், ஒரு சாஃப்ட்வேர் பேரு இருக்கும், இல்ல எந்த டீமோட சேந்து வேலைன்னு இருக்கும். "துடிப்பான சூழல்"ல எந்த எண்ணும் இருக்காது.

அக்கா என் முன்னாடி புதுசா ஒண்ண எடுத்து பிரிச்சு காட்டினாங்க. பெருமையையும் டெம்ப்ளேட்டையும் அடிச்சதுக்கு அப்புறம் மிஞ்சினது இவ்வளவுதான், தமிழ்ல சொல்றேன்:

> அக்கவுண்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ்
> 1. மாசம் சுமார் 900 சப்ளையர் இன்வாய்ஸ பர்ச்சேஸ் ஆர்டரோடயும் சரக்கு வந்த ரசீதோடயும் ஒப்பிட்டு என்ட்ரி போடணும்
> 2. சப்ளையர் ஸ்டேட்மென்ட்ட நம்ம கணக்கோட ஒப்பிட்டு ரீகன்சைல் பண்ணணும்
> 3. சப்ளையர்ங்க கேக்கற பேமென்ட் கேள்விகளுக்கு பதில் சொல்லணும்
> 4. ரொம்ப நாளா தீராம நிக்கற ஐட்டங்கள முடிக்கணும்
> 5. வாராந்திர பேமென்ட் ரன் தயாரிக்க உதவணும்
> 6. மாசக் கடைசி க்ளோசிங்ல உதவணும், அந்த மூணு நாள் கூடுதல் நேரம் இருக்கும்
> தேவை: 2 முதல் 3 வருஷ அக்கவுண்ட்ஸ் பேயபிள் அனுபவம். எக்செல்ல பிவட், லுக்கப் தெரியணும். டிகிரி அல்லது அதுக்கு ஈடான அனுபவம். ஈஆர்பி சாஃப்ட்வேர் தெரிஞ்சா நல்லது.
> அப்ளை பண்ண: ரெஸ்யூமே பிடிஎஃப்பா. சப்ஜெக்ட்ல ரெஃபரன்ஸ் நம்பரும், எத்தன நாள்ல சேர முடியும்ங்கறதும். இப்ப மாசம் எத்தன இன்வாய்ஸ் பாக்கறீங்கன்னு மெயில்ல ரெண்டு வரி.

மூணாவது: வேலை வரிங்கள எண்ணுங்க, வினைச்சொல்ல பாருங்க

இந்த இடத்துலதான் கொஞ்சம் நேரம் போகும், போகட்டும்.

"தலைப்ப மூடு. இந்த ஆறு வரிய மட்டும் பாத்து, இது என்ன வேலைன்னு சொல்லு"ன்னாங்க அக்கா. அக்கவுண்ட்ஸ்னேன். "சப்ளையர்ங்கற வார்த்தை எத்தன தடவ வருது?" மூணு. நாலாவது வரில தீராம நிக்கறதா சொல்றதும் சப்ளையர் பாக்கிதான், அஞ்சாவதும் அவங்களுக்கு பணம் போற வேலைதான். ஆறுல அஞ்சு. லெட்ஜர் பத்தி ஒரு வரி இல்ல, சேல்ஸ் பில் இல்ல, சம்பளப் பட்டியல் இல்ல. தலைப்புல அக்கவுண்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ்னு இருந்தாலும் ஆள் எடுக்கறது பேயபிளுக்கு, அதாவது நாம குடுக்க வேண்டிய பணத்தோட பக்கத்துக்கு மட்டும். தலைப்பு ஒவ்வொரு கம்பெனிலயும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், அத வெச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க.

அடுத்து எண்ணு. மாசத்துக்கு 900, வேலை நாள் இருபதுன்னு வெச்சா ஒரு நாளைக்கு 45, எட்டு மணி நேரத்த 45ஆல வகுத்தா ஒரு இன்வாய்ஸுக்கு பத்து நிமிஷத்துக்கு கொஞ்சம் கூட. அதுக்குள்ளதான் மத்த அஞ்சு வரி வேலையும். அப்ப அவங்க தேடறது அக்கவுண்டிங்ல மேதைய இல்ல, வேகமா தப்பில்லாம ஒப்பிட்டு பாத்துப் பழகின கைய. இத கண்டுபிடிக்க கம்பெனிக்குள்ள ஆள் தெரிஞ்சிருக்க வேண்டியதில்ல, ஒரு வகுத்தல் போதும். ஆனா நான் 63 விளம்பரத்துல ஒண்ணுல கூட போட்டு பாத்ததில்ல.

அப்புறம் வினைச்சொல். 1லேருந்து 4 வரைக்கும் "போடணும், பண்ணணும், சொல்லணும், முடிக்கணும்", முழுப் பொறுப்பு. 5லயும் 6லயும் "உதவணும்". அதாவது பேமென்ட்டுக்கும் க்ளோசிங்குக்கும் வேற ஆள் இருக்காங்க, இவர் பக்கத்துல நிப்பாரு. பேமென்ட் ரன், அதாவது எல்லா சப்ளையருக்கும் மொத்தமா பணம் அனுப்பறது, பண்ணதே இல்லையேன்னு இந்த வேலைய விட வேண்டியதில்லைங்கறது இதுலேருந்துதான் தெரியுது. இதே மாதிரி "தலைமை தாங்கணும்", "உருவாக்கணும்", "பராமரிக்கணும்" எல்லாம் வேற வேற வேலை. உருவாக்கணும்னா அங்க இன்னும் அந்த விஷயமே இல்லன்னு அர்த்தம், பராமரிக்கணும்னா யாரோ பண்ணி வெச்சுட்டு போயிருக்காங்க.

நாலாவது வரில அக்கா பென்சிலால ரெண்டு தடவ கோடு போட்டாங்க. "யாராவது 'ரொம்ப நாளா தீராம நிக்குது'ன்னு விளம்பரத்துல எழுதுவாங்களா? அந்த சீட்டு கொஞ்ச நாளா காலியா இருக்கு, இல்ல இருந்த ஆள் சமாளிக்கல. சப்ளையர்ங்க போன் போட்டு கத்தறாங்க, அதனாலதான் மூணாவது வரியும் இருக்கு. இந்த மேனேஜருக்கு வலிக்கற எடம் இது." இது யூகம்தான், அக்காவே அப்படித்தான் சொன்னாங்க, யூகத்த மெயில்ல எழுதக்கூடாது. ஆனா ரெஸ்யூமேல எத மேல வெக்கறதுன்னு முடிவு பண்ண அது போதும்.

நாலாவது: "கட்டாயம்", "இருந்தா நல்லது" ரெண்டையும் பிரிங்க

தேவைன்னு போட்டிருக்கற ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல மூணுல ஒண்ணு எழுதுங்க: சுவர், வாசப்படி, அலங்காரம்.

சுவர்னா தாண்ட முடியாதது. லைசென்ஸ், சட்டப்படி தேவையான சர்டிஃபிகேட், அந்த நாட்டுல வேலை செய்யற அனுமதி, ஷிஃப்ட், ஆஃபீஸுக்கு நேர்ல வரணும்ங்கறது. இது இல்லன்னா அனுப்பாதீங்க, உங்க ஒண்ணரை மணி நேரம் மிச்சம். வாசப்படின்னா கொஞ்சம் கால தூக்கினா தாண்டலாம்: "2 முதல் 3 வருஷம்"னு கேட்டு உங்ககிட்ட ஒண்ணே முக்கால் இருந்தா தாராளமா போடுங்க, அஞ்சு வருஷம் கேட்டு உங்ககிட்ட ஒண்ணு இருந்தா என் அனுபவத்துல அது சுவராத்தான் போகுது. "அல்லது அதுக்கு ஈடான அனுபவம்"ங்கற வார்த்தைய தேடிப் பாருங்க, டிகிரி இல்லாதவங்களுக்கு அது திறந்து வெச்ச கதவு, நான் பல தடவ டிகிரிங்கறதோட நிறுத்திட்டு மூடிட்டேன். அலங்காரம்னா "தெரிஞ்சா நல்லது"ன்னு வர்றது எல்லாம். அது இல்லன்னு யாரும் பின்வாங்க வேண்டியதில்ல.

இதுலயே இன்னொண்ணு. ரெஸ்யூமேவ மெஷின் படிச்சு தானா தூக்கி போட்டுடுதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க, நானும் அதையே நம்பி ரெஸ்யூமேல வார்த்தைகள திணிச்சுக்கிட்டு இருந்தேன். கம்பெனிங்க வெச்சிருக்கற அப்ளிகேஷன் சாஃப்ட்வேர்ல தானா வெளிய தள்ளறது பெரும்பாலும் ஃபார்ம்ல கேக்கற நேரடிக் கேள்விங்கதான்னு அக்கா சொன்னாங்க: "எத்தன வருஷ அனுபவம்", "இந்த ஷிஃப்ட்ல வர முடியுமா", "அனுமதி இருக்கா". ஒரு பதில் தப்பா க்ளிக் ஆனா உள்ள இருக்கற ரெஸ்யூமே யார் கண்ணுக்கும் போகாம போகலாம். கம்பெனிக்கு கம்பெனி செட்டிங் மாறும், எல்லா இடத்துலயும் இப்படின்னு சொல்ல முடியாது. ஆனா நான் அந்தக் கேள்விங்கள அடுத்த பக்கம் போற அவசரத்துல தட்டிவிட்டுக்கிட்டு இருந்தவன். ஒரு தடவ அனுபவம்னு கேட்ட எடத்துல, பேயபிள் மட்டும்தான் கேக்கறாங்கன்னு நெனச்சு "ஒரு வருஷத்துக்கு கீழ"ன்னு போட்டிருக்கேன். ரெண்டு வருஷமா நான் பண்ணதே பாதி பேயபிள்தான்.

பொய் சொல்லுங்கன்னு சொல்லல. கேள்விய முழுசா படிச்சுட்டு, உண்மையான பதில்ல எது பொருந்துதுன்னு பாத்து க்ளிக் பண்ணுங்க.

அஞ்சாவது: சின்ன எழுத்து

இத வேகமா சொல்லிடறேன். எப்ப போட்ட விளம்பரம்னு பாருங்க, ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சுன்னா அதே வேலை கம்பெனியோட சொந்த சைட்ல இன்னும் இருக்கான்னு பாத்துட்டு போடுங்க, வேலை தேடற சைட்டுங்கள்ல முடிஞ்சு போன விளம்பரம் அப்படியே கெடக்கும். ஒரே வேலைய ரெண்டு மூணு ஏஜென்சி போடறதும் உண்டு, வாசகம் அப்படியே ஒண்ணா இருந்தா ஒருத்தர் மூலமா மட்டும் போங்க, ரெண்டு பக்கத்துலேருந்தும் உங்க பேரு போய் சேந்தா யாருக்கு கமிஷன்ங்கற சண்டைல சில சமயம் உங்களையே விட்டுடுவாங்க. நிரந்தரமா கான்ட்ராக்ட்டா, எத்தன மாசம்னு பாருங்க. ரெஜிஸ்ட்ரேஷனுக்கோ ட்ரெயினிங்குக்கோ பணம் கட்டச் சொன்னா அது வேலையே இல்ல, மூடிடுங்க.

எப்படி அனுப்பணும்ங்கற பத்திய கடைசில படிக்காதீங்க, மொதல்ல படிங்க. நம்ம விளம்பரத்துல மூணு கேட்டாங்க: பிடிஎஃப், சப்ஜெக்ட், ரெண்டு வரி. அந்த ரெண்டு வரி சும்மா கேட்டது இல்ல, விளம்பரத்த முழுசா படிச்சவன் யாருன்னு அதுலயே தெரிஞ்சிடும். "எனக்கு நூறு மெயில் வந்தா மொதல்ல அந்த ரெண்டு வரி இருக்கறத மட்டும் எடுத்து வெச்சுக்குவேன்டா, மத்தது அப்புறம்"னு அக்கா சாதாரணமா சொன்னாங்க. எனக்கு என் 63ம் கண்ணு முன்னாடி வந்து போச்சு.

ஆறாவது: ஒவ்வொரு வரிக்கும் ஒரு சாட்சி

ஒரு பேப்பர நடுவுல கோடு கிழிச்சு, இடது பக்கம் அந்த ஆறு வரி, வலது பக்கம் நீங்க உண்மையிலேயே பண்ணது. "நல்லா தெரியும்"னு எழுதக்கூடாது, என்ன பண்ணீங்க, எவ்வளவு, என்ன ஆச்சு, அவ்வளவுதான்.

நான் ரெண்டு வருஷம் ஒரு சின்ன ஆஃபீஸ்ல எல்லா கணக்கும் பாத்தவன். என் ரெஸ்யூமேல மொதல்ல லெட்ஜர், அடுத்து பேங்க் ரீகன்சிலியேஷன், சேல்ஸ் பில்லு, சம்பளப் பட்டியல், அதுக்கும் கீழ எங்கயோ "பர்ச்சேஸ் பில் என்ட்ரி"ன்னு ரெண்டு வார்த்தை. இந்த வேலைக்கு வேண்டியது முழுக்க அந்த ரெண்டு வார்த்தைக்குள்ளதான் இருந்துச்சு.

அக்கா கேக்க கேக்க வெளிய வந்துச்சு. ஒரு நாளைக்கு எத்தன பில்லு? பன்னெண்டு இருக்கும். வேலை நாள்? மாசம் 24. அப்ப மாசத்துக்கு 280க்கு மேல. எதோட ஒப்பிடுவ? ஆர்டர் பேப்பரும் டெலிவரி நோட்டும் பக்கத்துல வெச்சு, அளவு, விலை ரெண்டும் டிக் அடிப்பேன். "இதத்தான்டா அவங்க மொத வரில கேக்கறாங்க, நீ கையால பண்ணியிருக்க, அவங்க சிஸ்டத்துல பண்றாங்க." சப்ளையர் ஸ்டேட்மென்ட்? மூணு மாசத்துக்கு ஒரு தடவ, 40 சப்ளையருக்கு.

"அதுல ஏதாவது தப்பு புடிச்சிருக்கியா?"

புடிச்சிருக்கேன், ஆனா சொல்லணும்னே தோணினதில்ல. ஒரு சப்ளையர் ஸ்டேட்மென்ட்ட விட நம்ம கணக்குல பாக்கி கூட காட்டுச்சு. தேடிப் பாத்தா ஒரே இன்வாய்ஸ ரெண்டு தடவ ஏத்தியிருக்கோம், ஒரு தடவ 457ன்னு, இன்னொரு தடவ 0457ன்னு. முன்னாடி சைபர் இருந்ததால சாஃப்ட்வேர் ரெண்டையும் வேற வேறன்னு எடுத்துக்கிச்சு, டூப்ளிகேட்னு எச்சரிக்கவே இல்ல. அதுக்கப்புறம் எக்செல்ல எல்லா நம்பருக்கும் முன்னாடி இருக்கற சைபர எடுத்துட்டு ஒப்பிட்டேன், இன்னும் ரெண்டு மாட்டுச்சு, பணம் போறதுக்கு முன்னாடி நிறுத்தியாச்சு.

அக்கா பென்சில கீழ வெச்சுட்டாங்க. "அஞ்சு மாசமா இத ரெஸ்யூமேல போடாம என்னடா பண்ணிட்டு இருந்த?"

வலது பக்கம் காலியா நிக்கற வரியும் இருக்கும். எனக்கு அஞ்சாவது வரி, பேமென்ட் ரன், காலி. காலியா விட்டுடுங்க. விளம்பரத்துல இருக்கற வார்த்தைய எடுத்து பண்ணாத வேலைக்கு ஒட்டினா இன்டர்வியூல ரெண்டாவது கேள்வியிலயே சாயம் போயிடும். ஆனா பண்ணின வேலைக்கு அவங்க வார்த்தைய போடறது தப்பில்ல, போடணும். நான் "பில் என்ட்ரி"ன்னு எழுதினத அவங்க "இன்வாய்ஸ் ப்ராசசிங்"னு தேடுவாங்க, ரெண்டும் ஒரே வேலைன்னு ரெஸ்யூமே புரட்டற ஹெச்ஆருக்கு தெரியாம இருக்கலாம். எத்தன காலியா இருந்தா விட்டுடலாம்னு கேட்டா, சுவர் எல்லாம் தாண்டி, முழுப் பொறுப்புன்னு இருக்கற வரிங்கள்ல பாதிக்கு மேல சாட்சி இருந்தா நான் அனுப்புவேன். இதுக்கு விதி எதுவும் கெடையாது, இது என் அளவு.

ஏழாவது: ரெஸ்யூமேவ திருப்பி அடுக்கி, கேட்ட மாதிரியே அனுப்புங்க

புதுசா ரெஸ்யூமே எழுத வேண்டாம், வரிசைய மாத்தினா போதும். பேயபிள் சம்பந்தப்பட்ட நாலு பாயின்ட்டும் மேல வந்துச்சு, லெட்ஜர், சம்பளப் பட்டியல் எல்லாம் சேந்து கீழ ஒரே வரியாச்சு. பக்கத்த நெடுக்க ரெண்டா பிரிச்சு, கட்டம், ஐகான் போட்டு அழகு பண்ணியிருந்தேன், அத எடுத்துட்டு மேலேருந்து கீழ ஒரே ஓட்டமா வெச்சேன், ஏன்னா சில சாஃப்ட்வேர் ரெண்டு பாதியையும் குறுக்கால சேத்து படிச்சு குழப்பிடும். உங்களுது எப்படி படிக்குதுன்னு தெரியணும்னா பிடிஎஃப்ல எல்லாத்தையும் செலக்ட் பண்ணி ஒரு நோட்பேட்ல ஒட்டி பாருங்க, அங்க வரிசை கலைஞ்சு வந்தா கம்பெனியோட சாஃப்ட்வேர்லயும் கலையலாம்.

மெயில் இப்படி போச்சு (நம்பரும் பேரும் மாத்தியிருக்கேன்):

```
சப்ஜெக்ட்: AE-0417 / பெயர் / 30 நாளில் சேரலாம்

இப்போது மாதம் சுமார் 280 சப்ளையர் இன்வாய்ஸ் பார்க்கிறேன்;
ஆர்டர், டெலிவரி நோட்டு இரண்டோடும் ஒப்பிட்டு நான் ஒருவனே
பதிவு செய்கிறேன், மற்ற கணக்கு வேலைகளும் என்னுடையவை.
40 சப்ளையர் ஸ்டேட்மென்ட் ரீகன்சைல் செய்ததில் இரட்டைப்
பதிவான 3 இன்வாய்ஸ்களைப் பணம் போகும் முன் நிறுத்தினேன்.
```

ரெண்டு வரி கேட்டாங்க, ரெண்டு வாக்கியம் போட்டேன். அவங்க 900ன்னு போட்டிருக்காங்க, நான் 280ன்னு எழுதறதுக்கு கை நடுங்குச்சு, 500ன்னு போடலாமான்னு கூட அக்காகிட்ட கேட்டேன். "ஒரு நாளைக்கு எத்தனன்னு திருப்பி கேட்டா என்ன சொல்லுவ?"ன்னாங்க. 280ஏ போச்சு.

எட்டாவது: விளம்பரத்த பத்திரமா வெச்சுக்கோங்க

அனுப்பின அன்னைக்கே விளம்பரத்த பிடிஎஃப்பா சேவ் பண்ணி, கம்பெனி, ரெஃபரன்ஸ் நம்பர், தேதி மூணும் ஃபைல் பேருல வர்ற மாதிரி வெச்சு, எந்த ரெஸ்யூமே அனுப்பினீங்களோ அதையும் அதே ஃபோல்டர்ல போடுங்க. கூப்பிடறதுக்குள்ள விளம்பரத்த எடுத்துடுவாங்க, அப்ப போன்ல "எந்த வேலைங்க?"ன்னு கேக்கற நிலைமை வரும்.

இந்த மாதிரி பண்ண ஆரம்பிச்சா எண்ணிக்கை குறைஞ்சிடும், அதுக்கு தயாரா இருங்க. ஒரு விளம்பரத்துக்கு எனக்கு ஒரு மணி நேரம் ஆச்சு, பழகினதும் நாப்பது நிமிஷம். ஒரே நாள்ல நாலஞ்சு போட்டவன் வாரத்துக்கு ஒண்ணு ரெண்டுக்கு வந்துட்டேன். பாதி விளம்பரம் நாலாவது ஸ்டெப்லயே சுவர்ல முட்டி விழுந்துச்சு, அத அனுப்பாம மூடறது மொதல்ல ஏதோ சோம்பேறித்தனம் மாதிரி உறுத்துச்சு. அடுத்து அனுப்பின 14ல நாலு பேரு கூப்பிட்டாங்க, பத்து பேரு இப்பவும் கூப்பிடல. அதுல ரெண்டு விளம்பரம் மறுபடி மறுபடி அப்படியே புது தேதியோட வந்துக்கிட்டே இருந்துச்சு, அங்க நெசமா ஆள் எடுக்கறாங்களாங்கறதே சந்தேகம்தான், எவ்வளவு நல்லா படிச்சாலும் அதுக்கு மருந்து இல்ல.

AE-0417லேருந்து ஆறாவது நாள் போன் வந்துச்சு. விளம்பரத்த அதுக்குள்ள எடுத்திருந்தாங்க, நான் சேவ் பண்ணினத முன்னாடி விரிச்சு வெச்சுக்கிட்டுதான் பேசினேன். மேனேஜர் மொதல்ல கேட்டது அந்த 0457 கதைய. அப்புறம், இன்வாய்ஸ்ல 100ன்னு இருக்கு, சரக்கு ரசீதுல 90தான் இருக்கு, என்ன பண்ணுவீங்கன்னு கேட்டாரு. 90க்கு மேல பணம் போக விடமாட்டேன், இன்வாய்ஸ நிறுத்தி வெச்சுட்டு ஸ்டோர்ல மிச்சம் பத்து வந்துச்சான்னு கேப்பேன், வரலன்னா சப்ளையர்கிட்ட கிரெடிட் நோட் கேப்பேன்னு சொன்னேன். உங்களுக்கு ஏதாவது கேக்கணுமான்னாரு. நாலாவது வரிய பாத்து, தீராம நிக்கற ஐட்டம்னு போட்டிருக்கீங்களே சார், எத்தன மாசமா நிக்குதுன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் சிரிச்சாரு. "எட்டு மாசம்"னாரு.

சேந்து ஒரு வருஷம் ஆகப்போகுது. அந்த எட்டு மாச பாக்கிய முடிக்க மூணு மாசம் புடிச்சுது. விளம்பரத்துல இருந்த எல்லாமே அப்படியேதான் இருக்கு, மாசக் கடைசில கூடுதல் நேரம் மூணு நாள்னு போட்டிருந்தது மட்டும் நெசத்துல அஞ்சு நாள்.